பத்து விரலும் பதியாத ஜாயிண்ட்டக்கா

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளை எல்லோரும் ஜாயிண்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் டைல்ஸ் ஒட்டுவார். இரண்டு டைல்ஸுக்கு நடுவே விடும் இடுக்கை இவள் அடைப்பாள். ஜாயிண்ட் பவுடரைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இடுக்கில் தள்ளி, ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான், கோடு போட்ட நோட்டு மாதிரி சுவர் நிற்கும். ரப்பர் உறை மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கணவர் பலமுறை கெஞ்சியிருக்கிறார்.

"உறை போட்டா மேடு பள்ளம் கையில தெரியாதுங்க. நீங்க சமையலுக்கு ருசி பார்க்கறப்ப நாக்குல உறை போட்டுக்கிறீங்களா?" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள். இடுக்கை அடைக்கிறவளுக்கு வாயை அடைப்பது பெரிய வேலை இல்லை.

அவள் பட்டதாரி என்பது வேலை இடத்தில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கு ஆள் கிடைக்காமல் உதவிக்குப் போனவள், அப்படியே தங்கிவிட்டாள். முழங்கால் வலிக்க ஆரம்பித்ததும்தான் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று நினைப்பு வந்தது. அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் ஒரு செய்தி கொண்டுவந்தாள். நகராட்சி அலுவலகங்களுக்கு உதவியாளர் தேர்வு. வயது வரம்பில் ஜாயிண்ட்டக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"எனக்குத் துணைக்கு வாங்க அண்ணி. தனியாப் போனா படபடன்னு வரும்" என்றாள் நாத்தனார்.

துணைக்கு எழுதப் போனவள் முதல் கட்டத்தில் தேறிவிட்டாள். கூப்பிட்டவள் கோட்டைவிட்டாள். நாத்தனார் சில நாள் அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு மூட்டைப் புத்தகத்தோடு வந்து நடுவீட்டில் தொப்பென்று போட்டாள். "நான் அடிக்கோடு போட்டு அடிக்கோடு போட்டு விரல் தேஞ்சதுதான் மிச்சம். நீங்களாவது படிங்க. ரெண்டு பேர் படிப்பும் சேர்ந்து ஒருத்தருக்காவது வேலை கிடைக்கட்டும்."

விரல் தேய்வது என்றால் என்னவென்று அவர்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவில் ஒரு தங்கும் விடுதியின் குளியலறைகள் மொத்தமும் கணவருக்குக் கிடைத்தன. அறைக்கு அறை சுவர், தரை, மூலை. ஜாயிண்ட்டக்கா காதில் போனைச் செருகிப் பாடம் கேட்டுக்கொண்டே இடுக்கு அடைத்தாள். கேட்டதை உடனே சுவரிடம் ஒப்பிப்பாள். "நகராட்சித் தீர்மானத்தை யார் நிறுத்தி வைக்கலாம், சொல்லு" என்று அவள் சத்தமாகக் கேட்க, விடுதி முதலாளி தன்னைத்தான் கேட்கிறாள் என்று பயந்து, "எனக்கு எந்த நோட்டீஸும் வரலையேம்மா" என்றார்.

வேலை முடிந்த அறைகளில் ஒட்டியிருந்த பவுடர்க் கறையை ஆசிட் கலந்த தண்ணீரால் கழுவினாள். அதற்கும் வெறும் கைதான். கொஞ்ச நாளில் அவள் போன் விரல் வைத்தால் திறக்க மறுத்தது. போன் கிழடாகிவிட்டது என்று அதைத் திட்டிவிட்டு, எண் போட்டுத் திறக்கப் பழகிக்கொண்டாள்.

தேர்வன்று நாத்தனாரும் கூட வந்தாள். தேர்வு மையம் ஒரு கல்லூரி. வெளி கேட்டில் ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விட்டார்கள். உள்ளே மரத்தடியில் மேசை போட்டு, மடிக்கணினியும் கையகல விரல் ரேகைக் கருவியும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதல் கட்டத்தில் எழுதியவர்தான் இப்போதும் எழுத வந்திருக்கிறாரா, இல்லை வேறு ஆளை அனுப்பியிருக்கிறாரா என்று பார்க்கிற ஏற்பாடு. அன்று பதிந்த விரலோடு இன்றைய விரலைக் கருவி ஒப்பிடும். வரிசை சீராக நகர்ந்தது. விரல் வை, பச்சை விளக்கு, போ. விரல் வை, பச்சை விளக்கு, போ.

ஜாயிண்ட்டக்கா வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு.

"நல்லா அழுத்துங்க" என்றாள் ரேகை பார்க்கும் பெண்.

அழுத்தினாள். சிவப்பு.

"அவ்வளவு அழுத்தாதீங்க. மெதுவா."

மெதுவாக வைத்தாள். அதற்கும் சிவப்பு. கண்ணாடியைத் துடைத்தார்கள். விரலைத் துடைத்தார்கள். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு அவரவர் வைத்தியம் நினைவுக்கு வந்தது. ஒருவர் விரலில் ஊதச் சொன்னார். இன்னொருவர் நெற்றியில் தேய்த்துவிட்டு வைத்தால் எண்ணெய்ப் பசையில் பதியும் என்றார். ஜாயிண்ட்டக்கா நெற்றியில் தேய்த்தாள், மூக்கில் தேய்த்தாள், ரேகை பார்க்கும் பெண் கொடுத்த கிரீமையும் தேய்த்தாள். இடது கட்டைவிரலையும் வலது ஆள்காட்டி விரலையும் வைத்துப் பார்த்தாள். கருவி மசியவில்லை.

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க இது, ஒரு கோடு கூடக் காணோம்."

"இருந்துச்சும்மா. நானே பார்த்திருக்கேன்."

"அன்னைக்கு ரெண்டு கட்டைவிரலும் ரெண்டு ஆள்காட்டி விரலும்தான் பதிஞ்சிருக்கு. மத்த விரல் வச்சுப் பிரயோஜனம் இல்லை. அந்தக் கட்டு எதுக்கு?"

இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. சில நாள் முன்னால் உடைந்த டைல்ஸ் விளிம்பு கிழித்த காயம். வேலைக்குப் பயன்படாத விரல் என்பதால் அதில் மட்டும் ரேகை கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று அவிழ்த்துப் பார்த்தார்கள். ரேகை இருந்தது. அதற்குக் குறுக்கே காயமும் வாய் பிளந்து நின்றது. கருவி அதையும் துப்பிவிட்டது.

"சரி, முகம் பார்ப்போம். விரல் தவறினா முகம் பார்க்கலாம்னு இருக்கு" என்று அந்தப் பெண் கேமராவைத் திருப்பினாள். முதல் கட்டத்தில் எடுத்த படம் திரையில் வந்தது. அன்று ஜாயிண்ட்டக்காவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. படத்தில் வலது கன்னம் பூசணிக்காய் மாதிரி. கண் ஒன்று பாதி மூடியிருந்தது. வலியில் உதடு கோணியிருந்தது. கருவி ஒரு கணம் யோசித்துவிட்டு, இவர் அவர் இல்லை என்றது.

அவளே எட்டிப் பார்த்துவிட்டு, "அது சொல்றதும் நியாயம்தான்" என்றாள்.

ஹால் டிக்கெட் இல்லாததால் கல்லூரி வேலிக்கு அந்தப்புறம் நின்ற நாத்தனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணி, அந்தக் கன்னத்தை ஊதிக்குங்க. கண்ணைக் கொஞ்சம் சொருகுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

பதற்றத்தில் மனிதர் எதையும் செய்வார்கள். ஜாயிண்ட்டக்கா கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு கண்ணைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, கேமராவுக்கு முன்னால் நின்றாள். தலைமைக் கண்காணிப்பாளர் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்.

மெலிந்த மனிதர். குரலும் மெலிது. "என்ன பண்றீங்க?" என்றார்.

கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டுச் சொன்னாள். "நானா இருக்கப் பார்க்கிறேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. ரேகை பார்க்கும் பெண் எழுந்து நின்று, விரலும் சேரவில்லை, முகமும் சேரவில்லை என்றாள். ஆள்மாறாட்டமாக இருக்குமோ என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் இருந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். அதைப் பார்த்ததும்தான் ஜாயிண்ட்டக்காவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இத்தனை மாதம் சுவர் சுவராக ஒப்பித்ததெல்லாம் மரத்தடியோடு முடிந்துவிடுமோ என்று ஹால் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளி கேட்டை மூடுவதற்கு மணியும் அடித்தார்கள்.

"சார், அவங்க என் அண்ணிதான். நான் சொல்றேன்" என்றாள் நாத்தனார் வேலிக்கு மேலே கையை உயர்த்தி.

"சொந்தக்காரங்க சாட்சி செல்லாதும்மா."

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து சண்டை போட்டிருக்கேன் சார். இவங்க முகம் எனக்குத் தெரியாம மிஷினுக்கா தெரியும்?"

கண்காணிப்பாளர் ஜாயிண்ட்டக்காவின் பக்கம் திரும்பினார். "என்ன வேலை பார்க்கிறீங்க?"

"டைல்ஸ் ஜாயிண்ட் அடைக்கிறேன் சார்."

"வெறும் கையிலயா?"

"ஆமா சார்." இதற்கு முன் யாரிடமும் இந்தப் பதிலை அவள் இவ்வளவு சன்னமாகச் சொன்னதில்லை.

"சரி. வரிசை இதுக்காக நிக்க வேண்டாம். நீங்க இப்படி வாங்க. மிஷின் விரலை எடுக்கலைங்கறதுக்காக மட்டும் யாரையும் வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. அதுக்காக அப்படியே உள்ள விடவும் முடியாது. கையால பார்க்க வேண்டியதைப் பார்ப்போம். கேட் மூடினா மூடட்டும், நீங்க ஏற்கெனவே உள்ள வந்தாச்சு."

படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை. ஓர் ஆள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். கண்காணிப்பாளர் அடையாள அட்டையின் அசலை வாங்கி, எண்ணையும் பிறந்த தேதியையும் விண்ணப்பத்தோடு சரிபார்த்தார். விண்ணப்பத்தில் ஒட்டிய படம் பல்வலிக்கு முந்தையது. அதில் கன்னம் அளவாக இருந்தது. அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படித்த பள்ளி, அப்பா பெயர், பட்டம் வாங்கிய வருஷம் எல்லாம் கேட்டார். பட்டம் வாங்கிய வருஷத்தை அவள் தடுமாறித் தப்பாகச் சொல்லி, தானே திருத்திக்கொண்டாள்.

"பரவாயில்லை. உடனே சரியாச் சொல்றவங்க மேலதான் எனக்குச் சந்தேகம் வரும்" என்றார்.

முதல் கட்டத்தில் விடைத்தாளில் கைப்பட எழுதச் சொன்ன அதே வாக்கியத்தை இன்னொரு தாளில் எழுதச் சொன்னார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அடையாளக் குறி என்ற இடத்தில் வலது காதுக்குப் பின்னால் மச்சம் என்று இருந்தது. அதைப் பார்க்கப் பெண் காவலர் ஒருவர் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

காவலர் காதை மடக்கிப் பார்த்தார். மச்சம் இருந்தது. உறுதிப்படுத்த விரலால் தேய்த்தார். மச்சம் கையோடு வந்துவிட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலரின் விரல் நுனியில் இருந்தது கறுப்பு ஜாயிண்ட் பவுடர். "அது நேத்து வேலைங்க. மாடி அறைக்குக் கறுப்புக் கலர். இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க, தயவு பண்ணி" என்றாள் ஜாயிண்ட்டக்கா. கீழே, காது மடிப்புக்குள், அவளோடு பிறந்த மச்சம் அசையாமல் இருந்தது. காவலர் அதை மூன்றுமுறை தேய்த்துப் பார்த்த பிறகுதான் வெளியே வந்து, "இருக்கு சார், ஒட்டினது இல்லை" என்றார்.

பிறகு கண்ணைப் படம் எடுத்தார்கள். முதல் கட்டத்தில் கருவிழி எடுக்காததால் இப்போது ஒப்பிட ஒன்றும் இல்லை. பின்னால் ஒப்பிடுவதற்காக எடுத்து வைக்கிறோம் என்றார்கள். முகத்தையும் புதிதாக எடுத்தார்கள். "சும்மா இருக்கிற மாதிரி இருங்க" என்று கண்காணிப்பாளர் தனியாகச் சொன்னார். கடைசியில் மைப் பெட்டியில் பத்து விரலையும் தோய்த்துத் தாளில் பதித்தார்கள். பத்தும் கொட்டை கொட்டையாக விழுந்தன. காய்ந்த கறுப்பு அவரை விதை பரப்பிய மாதிரி இருந்தது. ரேகை பார்க்கும் பெண் தாளைத் தூக்கிப் பார்த்து, "நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது எழுத விடுவது தற்காலிகம்தான். முடிவு வருவதற்கு முன் தேர்வு வாரியம் கூப்பிடும் நாளில் மறுபடி விரலும் முகமும் காட்ட வேண்டும். வேறு ஆள் என்று தெரிந்தால் தேர்வு செல்லாது, வழக்கும் வரும். கண்காணிப்பாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லிவிட்டு, "பயப்படாதீங்க. நீங்கதான் நீங்கன்னா இதுல ஒண்ணும் இல்லை. தோல் டாக்டர் ஒருத்தரைப் பாருங்க. சர்டிபிகேட் வாங்கி வச்சுக்குங்க" என்றார்.

மற்றவர்கள் உட்கார்ந்த பிறகுதான் அவள் அறைக்குள் போனாள். ஆனால் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் போய்விட்டாள். விரலெல்லாம் மை. விடைத்தாளில் கறை பட்டால் வேண்டுமென்றே வைத்த அடையாளம் என்று தாளைத் தள்ளிவிடுவார்களோ என்று கையைத் தூக்கிக் கேட்டாள். அறைக் கண்காணிப்பாளர் ஈரத்தாள் கொண்டுவந்து கொடுத்து, அவள் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். முதல் கேள்வி, தீர்மானத்தை நிறுத்தி வைப்பது பற்றி. அவளுக்குக் குளியலறைச் சுவர் கண்முன் வந்தது. எழுத ஆரம்பித்தாள்.

தோல் மருத்துவர் அவள் கையைப் பார்த்துவிட்டு, காய்ந்துபோன ஒரு செடியைப் பார்ப்பதுபோல வருத்தப்பட்டார்.

"ரேகை போயிடுச்சா டாக்டர்?"

"எங்கயும் போகலை. மேல்தோல்தான் தேஞ்சிருக்கு. சிமெண்டும் ஆசிடும் வேலையைக் காட்டியிருக்கு. அடித்தோல் நல்லாத்தான் இருக்கு. கையைச் சும்மா விட்டீங்கன்னா சில வாரத்துல திரும்ப வளரும். காயம்பட்ட விரல்ல மட்டும் தழும்பு நிக்கலாம். பவுடர், ஆசிட், சோப்புத்தூள் எதுவும் தொடக்கூடாது. தினமும் களிம்பு போடுங்க."

"பாத்திரம்?"

"அதுவும்தான்."

பக்கத்தில் இருந்த கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரங்கள் அந்த வீட்டில் யாரும் மறக்க முடியாதவை. நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். விரலைக் காவல் காப்பதற்கு என்றாள். ஜாயிண்ட்டக்கா சமையலறைப் பக்கம் எழுந்து போனாலே, "கையைக் காட்டுங்க அண்ணி" என்று குரல் வரும். ஒருமுறை தொட்டியில் ஒற்றை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிடிபட்டாள். திருடியைப் பிடித்த மாதிரி நாத்தனார் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா இது, ஒரு டம்ளருக்கு வேலையைப் பணயம் வைக்கிறியா?" என்றார் அவர். அவர் கையில் விளக்குமாறு இருந்தது.

"சும்மா உட்கார்ந்தா எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்குங்க."

பாத்திரம், துணி, தரை எல்லாம் கணவர் தலையில். இடுக்கு அடைப்பதும் அவர்தான். டைல்ஸ் ஒட்டுவதில் சூரப்புலியான அவருக்கு இடுக்கு வசப்படவில்லை. ஒரு கோடு குண்டாக, ஒரு கோடு ஒல்லியாக, மூலையில் பவுடர் வழிந்து நிற்கும். பார்க்கப் பொறுக்காமல் அவளும் வேலை இடத்துக்குப் போனாள். நடுவில் ஒரு நாற்காலி போட்டு, களிம்பு தடவிய கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடுதி முதலாளி எட்டிப் பார்த்து, அவள் ஏதோ வேண்டுதலில் இருப்பதாக நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இழுக்கறப்ப மூச்சை விடாதீங்க. கோணுது பாருங்க" என்றாள் கணவரிடம்.

"மூச்சு விடாம எப்படிம்மா வேலை செய்யறது?"

"நான் பாடமே ஒப்பிச்சுக்கிட்டுச் செஞ்சேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "இத்தனை நாள் இதை நான் வேலைன்னே கணக்குல எடுத்துக்கலை" என்றார். அவள் மூலையில் வழிந்த பவுடரைக் காட்டினாள்.

வாரியம் கூப்பிட்ட நாளில் மூவருமே போனார்கள். நாத்தனார் வாசலோடு நிறுத்தப்பட்டாள். உள்ளே வேறு கருவி, வேறு அலுவலர். மருத்துவரின் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் கருவிழி பார்த்தார்கள். தேர்வன்று எடுத்ததோடு சேர்ந்தது. முகமும் சேர்ந்தது. எழுத உட்கார்ந்தது இவள்தான் என்பதற்கு அது போதும். முதல் கட்டத்தில் எழுதியதும் இவள்தானா என்பதற்கு விரல் வேண்டும்.

வலது கட்டைவிரல் சிவப்பு. வலது ஆள்காட்டி, அதிகம் உழைத்தது, அதுவும் சிவப்பு. இடது ஆள்காட்டியில் தழும்பு நின்றுவிட்டது. கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக இடது கட்டைவிரலை வைத்தாள். கருவி யோசித்தது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பச்சை.

"சேர்ந்திடுச்சு. அன்னைக்கு எழுதின வாக்கியமும் கையெழுத்தும் ஏற்கெனவே பார்த்தாச்சு, ஒத்துப்போகுது. தற்காலிகம்னு போட்டிருந்ததை எடுத்திடறோம். போகலாம்" என்றார் அலுவலர், அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டே.

அவள் போகவில்லை. கட்டைவிரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். மங்கலாக, முடி மாதிரி, கோடு கோடாகத் தெரிந்தது. "நன்றி சார்" என்று அலுவலருக்குச் சொன்னாளா விரலுக்குச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளே வேலைக்குத் திரும்பினாள். இந்தமுறை ரப்பர் உறையோடு. முதல் சில சுவர்கள் அவளுக்கே பிடிக்கவில்லை. கணவர் செய்ததைவிட நன்றாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

முடிவு வந்தபோது அவள் ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில் பாதி தூரம் இருந்தாள். கணவர் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் நாத்தனார் அழுவது தெளிவாகக் கேட்டது. அவர் கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்குக் கிடைச்சிடுச்சும்மா. பேர் வந்திருக்காம். தங்கச்சி அழுதுக்கிட்டுச் சொல்றா."

அவள் பவுடர் தள்ளும் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். உறைக்குள் விரல்கள் வியர்த்தன. சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. துடைக்கப் போனால் பவுடர் கண்ணில் பட்டுவிடும் என்று தோளில் துடைத்துக்கொண்டாள்.

"கிளம்பு, வீட்டுக்குப் போகலாம். இன்னைக்கு இது போதும்" என்றார் அவர்.

"குழைச்ச பவுடர் இறுகிடுங்க. இந்தச் சுவரை முடிச்சிட்டு வரேன். நீங்க போய் அவளைக் கூட்டிக்கிட்டு வாங்க. தனியா அழ வேண்டாம்."

அவர் போனார். அவள் மிச்சமிருந்த கோடுகளை மேலிருந்து கீழாக, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக இழுத்து முடித்தாள்.